நேரலைக்கு எழுத்து எதற்கு என்பார்க்கு

நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் வானொலி நேரலைகளைப் பற்றி, அவற்றை நடத்துகிறவர்களிடையே மட்டுமன்றிக் கேட்கிறவர்களிடையேயும், விவாதத்துக்கே இடமில்லாத சித்தாந்தம்போல ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. எழுதிவைத்து வாசிப்பது செய்தியறிக்கைக்கும் உரைச்சித்திரத்துக்கும் பொருந்தும். யார் அழைப்பார், என்ன கேட்பார் என்று எவருக்கும் தெரியாத நேரலையிலோ, தொடக்க அறிவிப்பும் இணைப்புரைகளும் அந்தந்தக் கணத்தில் நாவில் எழுவதே அழகு. தாள் வந்தால் உயிர் போய்விடும். தேர்ந்த தொகுப்பாளருக்குத் தாள் எதற்கு என்பது அதன் சாரம். கேட்க இனிமையான வாதம்தான். ஆயினும் அதன் அடிப்படையே பிசகானது என்பது என் கட்சி.

அடுத்து என்ன வரும் என்று தெரியாதே, அதனால் எழுதமுடியாது என்கிறார்கள். அழைப்பவரின் கேள்வியை எழுதமுடியாது, உண்மை. நிபுணரின் விடையையும் எழுதமுடியாது. ஓர் அரைமணி நேர நிகழ்ச்சியில் நம் வசத்துக்கு அப்பாற்பட்டவை இவ்வளவு இருக்கும்போது, நம் வசத்தில் மிஞ்சியிருப்பவை முதலில் சொல்லும் சில வாக்கியங்களும், ஓர் அழைப்புக்கும் மற்றோர் அழைப்புக்கும் இடையே சொல்லும் சில வாக்கியங்களும் மட்டுமே. அவற்றையும் தற்செயலின் கையில் ஒப்படைத்துவிடுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுகிறார்கள். அழைப்புகளின் போக்கு நிச்சயமில்லாதது என்பதாலேயே, அவற்றைத் தாங்கிநிற்கும் இந்தச் சிறு பகுதிகளை நிதானமாக முன்கூட்டி யோசித்து எழுதவேண்டும் என்பதுதான் அந்தக் காரணத்திலிருந்து நியாயமாகப் பிறக்கும் முடிவு.

இந்த இடத்தில் இலங்கை வானொலியைச் சாட்சிக்கு அழைப்பது நம்மவர் வழக்கம். மயில்வாகனமும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் தங்குதடையின்றிப் பேசியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சரளம் ஓர் இலட்சியமாக இருப்பதில் வியப்பில்லை. அந்தக் குரல்களிடம் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் அறிவிப்பாளரின் ஒரு வாக்கியம் நம் காதில் விழாமற்போனால் நஷ்டம் என்ன? பாட்டு வரத்தான் போகிறது. வந்ததும் இன்ன பாட்டு என்று தெரிந்துபோகிறது. மருந்தின் அளவையும், அழைக்கவேண்டிய எண்ணையும், போகவேண்டிய மருத்துவமனையையும் சொல்கிற வாக்கியம் விழாமற்போனால் பின்னால் வந்து அதை ஈடுசெய்யப் பாட்டு எதுவும் இல்லை. ஒன்றில் அலங்காரமாக இருக்கிற சரளம் மற்றொன்றில் ஆபத்தாக முடியலாம். சாட்சிக்கு ஆள் தேவையானால் நான் திருச்சி நிலையத்தையே அழைப்பேன். 1960களில் அந்த நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பால் தஞ்சைப் பகுதியில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல்லுக்கு, உழவர்களே ‘ரேடியோ நெல்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். விதையின் பெயரையும் பருவத்தையும் உரத்தின் அளவையும் காதால் கேட்டு வயலில் செய்துகாட்டினார்கள் என்றால், அவை காதில் தங்கும்படி சொல்லப்பட்டன என்பதுதான் அதன் பொருள்.

இனி நான் பேசப்போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில், கீழே கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும். மேற்கே கல்வராயன் மலையில் மலையாளி என்று பெயர்பெற்ற பழங்குடி மக்கள் பயிரிடும் சாமையும் தினையும் மரவள்ளியும். பண்பலை நேர்கோட்டில் செல்வது. இடையில் ஒரு முகடு குறுக்கிட்டால் அதன் மறுபுறம் நிழல் விழுந்ததுபோல் அலை இல்லாமற்போகும். மத்திய அலை நிலத்தை ஒட்டி வளைந்து வரும். ஆனால் மாலை மயங்கியதும் தொலைதூர நிலையங்கள் அதன்மேல் ஏறிக்கொள்ளும். கைப்பேசியில் கேட்கலாமென்றால் சில வளைவுகளில்தான் சிக்னல். ஆக கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒருவர் நம் நிகழ்ச்சியைக் கேட்கிறார் என்றால், முழுதாகக் கேட்கவில்லை, விட்டுவிட்டுக் கேட்கிறார் என்றே வைத்துக்கொண்டு எழுதவேண்டும். ஒரு வாக்கியத்தில் நாலு வார்த்தை இரைச்சலில் போய்விட்டாலும் மிச்சத்தில் விஷயம் நிற்கவேண்டும்.

தாளில்லாத சரளம் அவருக்கு எதைத் தருகிறது என்று பார்ப்போம். மரவள்ளியைப் பற்றிய ஒரு நேரலை இப்படித் தொடங்கும். இதை நான் புனைந்தேன் என்றாலும், கேட்டுப் பழகியவர்கள் யாரும் புதிதென்று சொல்லமாட்டார்கள்:

“இயற்கை அன்னை தன் எழிலையெல்லாம் கொட்டிக் குவித்திருக்கும் கல்வராயன் மலைப் பகுதியில் நம் உழவர் பெருமக்கள் பல்லாண்டுகளாகப் பயிரிட்டுவரும் மரவள்ளிப் பயிரைத் தாக்கி மகசூலைப் பெருமளவு குறைத்துவரும் மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் வழிமுறைகள் குறித்து உங்கள் ஐயங்களுக்கு விடையளிக்க நம் நிலையத்துக்கு வருகைதந்திருக்கும் விஞ்ஞானி அவர்களை வரவேற்று நிகழ்ச்சிக்குள் செல்வோம்.”

இலக்கணப் பிழை இதில் ஒன்றும் இல்லை. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெயரெச்சமும் வினையெச்சமும் அதற்குமுன் எத்தனை வேண்டுமானாலும் வரிசைகட்டி நிற்கும். படிக்கிறவன் கண் பின்னால் போய்த் திரும்பும் வசதியுள்ளது. இந்தக் கட்டுரையின் நீண்ட வாக்கியங்களை நான் தயக்கமின்றி எழுதுவதும் அந்தத் தைரியத்தில்தான். கேட்கிறவன் காதுக்கு அந்த வசதி கிடையாது. ‘செல்வோம்’ என்பது வரும்வரை அவன் எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டு நிற்கவேண்டும். அப்படிச் சுமந்தவனுக்குக் கடைசியில் கிடைப்பது ‘செல்வோம்’ என்பது மட்டுமே. மாவுப்பூச்சி என்கிற, அவனுக்கு வேண்டிய ஒரே சொல், எட்டுப் பத்து அடைமொழிகளுக்கு நடுவில் எங்கோ புதைந்துகிடக்கிறது. ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. கணத்தில் பிறந்தது என்று இவர்கள் கொண்டாடுகிற பேச்சு இந்த வடிவத்திலேதான் பிறக்கிறது. ஏனெனில் யோசிக்க அவகாசமில்லாத நா, பழகிய தொடர்களைத்தான் எடுத்து அடுக்கும். எழுதாமல் பேசுகிறவர்தான் மேடைத் தமிழுக்கு முதலில் இரையாகிறார்.

இதையே காதுக்கென்று உட்கார்ந்து எழுதினால் எப்படி வரும்?

“மரவள்ளிச் செடியின் நுனி சுருங்கி, இலையெல்லாம் கொத்தாகிவிட்டதா? மாவுப்பூச்சியாக இருக்கலாம். இன்று பேசப்போவது மாவுப்பூச்சி. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நீங்கள் கேளுங்கள், அவர் பதில் சொல்வார். இப்போது எண் சொல்லப்போகிறேன். எழுத ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.”

முதல் வாக்கியம் கேட்பவன் தோட்டத்தில் கண்ணால் கண்ட அடையாளத்தில் தொடங்குகிறது. பூச்சியின் பெயர் இரண்டு தரம் வருகிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. ‘மாவுப்பூச்சிதான்’ என்று சொல்லாமல் ‘இருக்கலாம்’ என்றதும் யோசித்துச் செய்ததே. தேமல் நோயிலும் இலை சுருங்கும், அதைப் பிரித்துச் சொல்வது நிபுணரின் வேலை. நா தன்போக்கில் ஓடும்போது இந்த எச்சரிக்கை தோன்றாது. எண்ணுக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். எடுத்த எடுப்பில் எண்ணைச் சொன்னால், பேனாவைத் தேடி எடுப்பதற்குள் பாதி எண் போய்விடும். பத்து இலக்கத்தை ஐந்தும் ஐந்துமாகப் பிரித்து, ஒவ்வோர் இலக்கமாக, இரண்டு தரமும் ஒரே பிரிவில் சொல்லவேண்டும். முதல் தரம் ‘தொண்ணூற்றெட்டு’ என்றும் மறுதரம் ‘ஒன்பது, எட்டு’ என்றும் சொன்னால், கேட்பவன் இரண்டு வெவ்வேறு எண்களைக் கேட்டதாகவே நினைப்பான்.

தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டிய இன்னொரு வாக்கியம் உண்டு: “அழைக்கும்போது உங்கள் வானொலியை அணைத்துவிடுங்கள்.” பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் ஒலி சுற்றிவந்து ஊளையிடும், கைப்பேசிச் செயலி வழியாகக் கேட்டுக்கொண்டே பேசினாலோ, தாமதித்து வரும் தன் குரலையே கேட்டு, அழைத்தவர் வாயடைத்துப்போவார். ஊளை வந்தபிறகு, “ஐயா, ரேடியோவைக் குறைங்க” என்று நாலு தரம் கத்துவதையே நேரலையின் ஸ்வாரஸ்யம் என்று எண்ணுகிறவர்களோடு எனக்கு விவாதம் இல்லை.

இணைப்புரைக்கு வருகிறேன். என் வாதத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து ஒருவர் அழைத்து, மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பூச்சி நம் நாட்டுக்குப் புதிது. 2020இல் கேரளத்தில் முதலில் கண்டு, பிறகு நம் மாவட்டங்களுக்குப் பரவியது. தென்னமெரிக்காவில் பிறந்த இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடியபோது, அதன் உடலுக்குள் முட்டையிட்டு அழிக்கும் ஒரு நுண்ணிய குளவியைத் தென்னமெரிக்காவிலிருந்தே கொண்டுபோய் விட்டு அடக்கினார்கள். அந்தக் குளவியையே பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி ஆதார நிறுவனத்தார் வளர்த்துப் பெருக்க, 2022 முதல் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். ஆகையால் நிபுணரின் விடை நீளமாகத்தான் வரும். ஆப்பிரிக்காவும் வரும், பெனினும் வரும், நடுவே தொலைபேசி கரகரக்கும். விடை முடிந்ததும் நம் சரளத் தொகுப்பாளர் சொல்வது: “அருமையான கேள்வி, மிகப் பயனுள்ள விளக்கம், நன்றி ஐயா, அடுத்து யார் இணைப்பில் இருக்கிறீர்கள்?”

இதில் கேட்பவனுக்கு என்ன கிடைத்தது? கேள்வி அருமையானது என்கிற நற்சான்றிதழ் ஒன்றுதான். கேள்வி என்ன, விடை என்ன என்று இரண்டே வாக்கியத்தில் திருப்பிச் சொல்வதுதான் இணைப்புரையின் முதற்கடமை; எழுதாதவர் அதைச் செய்வதில்லை, ஏனெனில் பாராட்டு நுனிநாக்கில் தயாராக இருக்கிறது, சுருக்கம் இல்லை. எழுதுகிறவர் முன்னிரவே ஒரு சட்டம் செய்துவைப்பார்: இன்ன ஊரிலிருந்து கேட்டார், கேட்டது இது, பதில் இது, பேசுவது மாவுப்பூச்சி பற்றி, எண் இன்னது. கோடிட்ட இடங்கள் மட்டும் காலியாக இருக்கும். நிபுணர் பேசப் பேச அவற்றைப் பென்சிலால் நிரப்பிக்கொள்வார்.

“வெள்ளிமலையிலிருந்து கேட்டார். மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா? குளவி விட்ட தோட்டமானால் அடிக்கவேண்டாம். மருந்து அடித்தால் குளவியும் செத்துப்போகும். இது கொட்டாத குளவி, கொசுவைவிடச் சிறியது, ஆளை ஒன்றும் செய்யாது.”

கடைசி வாக்கியம் நிபுணர் சொல்லாமல் விட்டதாகக்கூட இருக்கலாம். தோட்டத்தில் குளவியை விட்டிருக்கிறார்கள் என்று பாதியில் கேட்டவன் என்ன நினைப்பான் என்பதை, நிகழ்ச்சிக்கு முன் ஒருவர் அமைதியாக உட்கார்ந்து யோசித்திருந்தால்தான் அந்த வாக்கியம் தாளில் இருக்கும். நேரலையின் பரபரப்பில் அது தோன்றும் என்று நம்புவது அதிர்ஷ்டத்தை நம்புவதாகும். இதே சட்டத்தால் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. பத்து நிமிஷம் கழித்துப் பெட்டியைத் திருகியவனுக்கு, எதைப் பற்றிய பேச்சு என்பது ஒவ்வோர் இணைப்பிலும் தெரியவரும். கேட்டதையே கேட்டால் சலிக்காதா என்பார்கள். தொடக்கத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற நேயர் நம் கற்பனையில் இருக்கிற அளவுக்கு மலையில் இல்லை.

மரவள்ளியானால் ஒரு பருவத்து மகசூலோடு போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டத்தை இந்த ஊர் கண்டிருக்கிறது. 2024 ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். இறந்தவர் தொகை நாளடைவில் அறுபதைத் தாண்டியது. கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு இடத்து மருத்துவமனைகள் நிரம்பின. அன்றைப்போன்ற ஒரு மாலையில் நேரடி அழைப்பு நிகழ்ச்சி ஒன்றைத் திறக்கும் பொறுப்பு ஒருவருக்கு வந்தால், கணத்தில் பிறக்கும் சொல்லை நம்பி அவர் ஒலிவாங்கியின் முன் உட்காரலாமா?

மெத்தனாலின் வஞ்சகம் அதன் தாமதத்தில் இருக்கிறது. குடித்தவனுக்கு முதலில் சாதாரணப் போதைதான் தெரியும். அது உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் மூச்சையும் தாக்குவதற்கு அநேகமாகப் பன்னிரண்டு மணியிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் ஆகும். கூடவே வேறு மது குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே அந்த மாலையில் மிக முக்கியமான நேயர், வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர் அல்ல. அவரை வீட்டார் தூக்கிப்போய்விடுவார்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரே அவர். “ஒரு துயரச் சம்பவம் நம்மையெல்லாம் உலுக்கியிருக்கும் இவ்வேளையில்” என்று தொடங்குகிற வாய், அவரை எட்டவே எட்டாது. எழுதியிருந்தால் முதல் வாக்கியம் இதுவாக இருக்கும்:

“நேற்றோ இன்றோ பாக்கெட் சாராயம் குடித்தீர்களா? உடம்பு நன்றாக இருந்தாலும் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நன்றாக இருந்தாலும் போங்கள். கண் மங்கும்வரை காத்திருக்காதீர்கள். வண்டிக்கு ஒன்று, பூஜ்யம், எட்டு. ஒன்று, பூஜ்யம், எட்டு.”

ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் இதே வாக்கியங்கள், இதே சொற்களில், மாறாமல் வரவேண்டும். மாற்றி மாற்றிச் சொல்லும் நயம் இங்கே குற்றம். ‘உடம்பு நன்றாக இருந்தாலும்’ என்பதை ஒரு தரம் விட்டுவிட்டு, ‘உடல்நலம் பாதிக்கப்பட்டவர்கள் உடனே மருத்துவமனையை அணுகவும்’ என்று சொல்லிவிட்டால், திண்ணையில் இருக்கிறவர் அது தமக்கில்லை என்று நிச்சயித்துக்கொள்வார்.

இதே மாலையில், எழுதாத நாவிலிருந்து தவறிவிழக்கூடிய வேறொரு தொடரும் உண்டு: ‘கல்வராயன் மலைச் சாராயம்’. அந்த மலையில் கள்ளத்தனமாகச் சாராயம் காய்ச்சியதும், போலீசார் ஊறலை அழித்ததும் பழைய கதை. ஆகவே அந்தத் தொடர் எவர் நாவிலும் தயாராக இருக்கிறது. அன்று உயிர் குடித்ததோ ஊறலில் இறங்கிய சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால். ஒரு பெயரடையால் ஒரு மலைச் சமூகத்தின்மேல் பழி ஏறிவிடும். அச்சானால் மறுநாள் திருத்தம் போடலாம், காற்றில் போனதை எந்த வீட்டு வாசலில் போய்த் திருத்துவது? அந்த வாக்கியத்தை எழுதி, மறுபடி படித்து, ஒரு சொல்லை அடித்திருந்தால் இது நேராது.

எழுதினால் வாசிப்பதுபோல் ஒலிக்கும் என்பது கடைசி ஆட்சேபம். ஒலிக்கும்தான், கண்ணுக்கு எழுதினால். கட்டுரை எழுதும் கையால் இணைப்புரை எழுதுவதே அந்தக் குறைக்குக் காரணம். அதற்காக எழுத்தையே விலக்குவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். முதலில் வாயால் சொல்லிப்பார்த்து, சொன்னதை எழுதவேண்டும். ஒரு மூச்சில் முடியாத வாக்கியத்தை இரண்டாக்கவேண்டும். பிறகு விஷயம் அறியாத ஒருவரை அழைத்து, ஒரே ஒரு தரம் சொல்லிக்காட்டி, என்ன கேட்டீர்கள் என்று கேட்கவேண்டும். அவர் திருப்பிச் சொல்லும்போது எது விட்டுப்போகிறதோ, அதுவே மலையிலும் விட்டுப்போகும். மறுபடி சொல்லுங்கள் என்று அவர் கேட்டால் சொல்லக்கூடாது, தாளைத்தான் திருத்தவேண்டும். இத்தனைக்கும் பிறகு தாளைப் பார்க்காமலே பேச வந்துவிட்டால் மிகவும் நல்லது.

நிகழ்ச்சியை முடிக்கும் இடத்திலும் இதே அலட்சியத்தைக் காணலாம். நேரம் நெருங்கியதும், இன்னும் இணைப்பில் காத்திருக்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு, நிபுணருக்கு நன்றி, நேயர்களுக்கு நன்றி, தொழில்நுட்பத்துக்கு இன்னார், தயாரிப்பு இன்னார், உங்களிடமிருந்து விடைபெறுவது இன்னார் என்று பட்டியல் வாசித்து முடிக்கிறார்கள். அநேகமாக நேரலையில் எழுதிவைக்கப்பட்ட ஒரே பகுதி இந்தப் பட்டியல்தான். காதில் கடைசியாக விழுந்ததே நெடுநேரம் நிற்கும் என்பதால், நன்றிகளை முன்னால் தள்ளிவிட்டு, காத்திருக்கும் இரண்டு பேரின் ஊர்ப்பெயரைச் சொல்லி, அவர்களை நிலையத்திலிருந்து திரும்ப அழைப்பார்கள் என்று தெரிவித்து, குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கவேண்டாம் என்பதை மறுபடி ஒரு தரம் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை மூடலாம். இதற்கு இருபது விநாடி போதும்.